திருப்பி அனுப்பப்பட்ட கறித்தூள்: உலர்த்துவதா, விற்பதா, அழிப்பதா?

கேள்வி: கோப்பாயில் சிறிய அளவில் வறுத்த கறித்தூள் தயாரித்து வருகிறேன். ஐரோப்பாவுக்கு அனுப்பும் கொழும்பு நிறுவனமொன்றுக்கு 600 கிலோவை, கிலோ 1,800 ரூபாய் வீதம், 25 கிலோ மூடைகளாகக் கொடுத்தேன். முற்பணமாக 324,000 ரூபாய் தந்தார்கள். இப்போது ஈரப்பதன் 12 வீதம், மொத்த அஃப்ளாடொக்சின் 17 என்று சொல்லி முழுவதையும் நிராகரித்து, முற்பணத்தையும் திருப்பிக் கேட்கிறார்கள். தூளை மூன்று நாட்களில் அரைத்தேன். கடைசி நாளுக்குச் செத்தல் மிளகாய் போதாமல், மழை நேரத்தில் சந்தையில் வாங்கினேன். எனக்கு கிலோவுக்கு 1,350 ரூபாய் அடக்கம். வெயிலில் காயவைத்து மறுபடி அனுப்பலாம் என்கிறார் கணவர். உள்ளூர் வியாபாரி ஒருவர் கிலோ 700 ரூபாய்க்கு எடுக்கத் தயார். வங்கிக் கடன் தவணையும் நெருங்குகிறது. என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்களுக்கு வந்த நிராகரிப்புக் கடிதத்தில் இரண்டு குறைகள் ஒரே வரியில் எழுதப்பட்டிருந்தாலும், பணக் கணக்கில் அவை இரண்டும் ஒன்றல்ல. ஈரப்பதன் திருத்தக்கூடிய குறை. அஃப்ளாடொக்சின் திருத்த முடியாத குறை. எந்த மூடையில் எந்தக் குறை இருக்கிறது என்பது தெரியாமல் உலர்த்துவதற்கோ, புதிதாகத் தயாரிப்பதற்கோ, முற்பணத்தைத் திருப்புவதற்கோ ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். அதற்காகப் புதுக் கடனும் எடுக்க வேண்டாம்.

அஃப்ளாடொக்சின் என்பது அஸ்பெர்ஜிலஸ் இனப் பூஞ்சணங்கள் சுரக்கும் நஞ்சு. சரியாகக் காயாத மிளகாயிலும், காய்ந்த பின் மழையில் நனைந்த மிளகாயிலும் அது உருவாகும். பூஞ்சணம் வெயிலில் செத்தாலும் அது விட்டுச்சென்ற நஞ்சு போகாது. வறுக்கும் சூட்டில் அதன் அளவு ஓரளவு குறையலாம் என்றாலும், நம்பி விற்கக்கூடிய அளவுக்குக் குறையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மிளகாய்க்கும், மிளகாய் சேர்ந்த மசாலாக் கலவைகளுக்கும் உள்ள உச்ச வரம்பு, பி1 வகைக்குக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராமும், மொத்தத்துக்கு 10 மைக்ரோகிராமும் ஆகும். உங்கள் அளவு 10.5 ஆக இருந்திருந்தால் ஆய்வின் அளவீட்டு ஐயப்பாட்டைச் சுட்டி வாதாட இடமிருந்திருக்கும். 17 என்பது அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. நல்ல தூளோடு கலந்து அளவைக் குறைக்கலாம் என்ற யோசனையை யாராவது சொன்னால் அதையும் ஏற்க வேண்டாம். வரம்புக்கு உட்பட்ட பொருளை வரம்பு மீறியதோடு கலப்பதை ஐரோப்பிய விதிகள் வெளிப்படையாகவே தடை செய்கின்றன.

ஆனால் அந்த 17 எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். கொள்வனவாளர் பல மூடைகளில் சிறிது சிறிதாக எடுத்து, ஒன்றாகக் கலந்து, ஒரே மாதிரியாக ஆய்வுக்கு அனுப்பியிருந்தால் அந்த எண் ஒரு சராசரிதான். இந்த நஞ்சு எல்லா மிளகாயிலும் ஒரே சீராக இருப்பதில்லை; ஒரு சில கெட்ட காய்களிலேயே மிக அதிகமாகச் செறிந்திருக்கும். முதல் இரண்டு நாள் தூளில் 3, 4 என்ற அளவும் மூன்றாம் நாள் தூளில் 44 என்ற அளவும் இருந்தால்கூட மூன்றின் சராசரி 17 ஆகவே வரும். நாளொன்றுக்கு 200 கிலோ, அதாவது 8 மூடைகள், அரைத்தீர்கள் என்று வைத்துக்கொண்டால், உங்கள் 24 மூடைகளில் 16 மூடைகள் குற்றமற்றவையாக இருக்கக்கூடும். மழையில் வாங்கிய மிளகாய் கடைசி நாளில் மட்டும் சேர்ந்தது என்பதால், இது வெறும் ஆசை வார்த்தை அல்ல. மூடைகளில் அரைத்த நாள் எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது உங்கள் கொப்பியில் எந்த மூடை எந்த நாளுக்குரியது என்ற பதிவு இருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள். அந்த அடையாளம் இல்லையென்றால் இந்த வழி மூடிவிடும். 600 கிலோவும் ஒரே தொகுதியாகவே கணிக்கப்படும்.

பதிவு இருந்தால், மூன்று நாள் தூளையும் தனித்தனித் தொகுதிகளாக மறு ஆய்வு செய்யக் கொள்வனவாளரின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கேளுங்கள். வீட்டில் வைத்திருக்கும் மாதிரியை நீங்களாகவே ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துப் பெறும் அறிக்கை இதற்கு உதவாது, ஏனெனில் அந்த முடிவு ஒப்படைக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் என்று அறிக்கையிலேயே எழுதியிருப்பார்கள். கொள்வனவாளரின் ஆள் முன்னிலையில், அல்லது இரு தரப்பும் ஏற்கும் பரிசோதனை நிறுவனத்தின் மூலம், ஒவ்வொரு நாளுக்குரிய 8 மூடைகளிலும் மேல், நடு, அடி ஆகிய இடங்களிலிருந்து எடுத்து, நன்றாகக் கலந்து, மூன்றாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒன்று அவர்களுக்கு, ஒன்று உங்களுக்கு, மூன்றாவது பிணக்கு வந்தால் நடுவர் ஆய்வுக்கு. அஃப்ளாடொக்சின் ஆய்வுக்கு ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் உள்ள ஆய்வுகூடத்தையே தெரிவுசெய்யுங்கள். அங்கீகாரம் நிறுவனத்துக்கு மட்டுமல்ல, அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஆய்வுக் கட்டணத்துக்கு நீங்கள் விலைப்புள்ளி பெறவேண்டும். மாதிரி எடுக்கும் செலவோடு தொகுதிக்கு 20,000 ரூபாய் வீதம் மூன்றுக்கும் 60,000 ரூபாய் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு தொகுதிகள் தேறினால், அந்த 400 கிலோவின் ஈரத்தை 12 வீதத்திலிருந்து 9.5 வீதத்துக்குக் குறைக்கவேண்டும் என்று கொள்வோம். நீர் போனால் எடையும் போகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 400 கிலோ 389 கிலோவாகிவிடும். அதன் பெறுமதி ஏறத்தாழ 700,000 ரூபாய். முற்பணத்தைக் கழித்தால் உங்கள் கைக்கு வரவேண்டியது 376,000 ரூபாய். மொத்த அடக்கமான 810,000 ரூபாயோடு, ஆய்வுக்கு 60,000, உலர்த்தல், லொறி, புது மூடை ஆகியவற்றுக்கு 40,000 என்று சேர்த்தால் செலவு 910,000 ரூபாய். ஆகவே நட்டம் 210,000 ரூபாய் அளவில் நிற்கும். வியாபாரியிடம் 600 கிலோவையும் கொடுத்தால் 420,000 ரூபாய்தான் வரும். திருப்பி எடுக்கும் லொறிக் கூலியைச் சேர்க்காமலே நட்டம் 390,000 ரூபாய்.

மூன்று தொகுதிகளும் தவறினால் நட்டம் எட்டரை இலட்சத்தைத் தாண்டும் என்பதையும், அப்போது அந்த 700 ரூபாய் கவர்ச்சியாகத் தெரியும் என்பதையும் நான் மறைக்கவில்லை. எனினும் அந்தத் தூளை விற்கக் கூடாது. உடல்நலத்துக்குத் தீங்கான பொருள் அடங்கிய உணவை விற்பது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ்க் குற்றம். ஆய்வறிக்கை உங்கள் பெயரில் கையிலிருக்க, தெரியாமல் விற்றேன் என்று சொல்லவும் இடமில்லை. ஊரவர் சமையலுக்குப் போகும் தூள் அது என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டுமென்பதில்லை. தவறிய மூடைகளைச் சாட்சிகளோடு அழித்து, படமும் கடிதமும் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் நட்டமாக எழுதுவதற்கு அவை தேவைப்படும்.

உலர்த்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. நஞ்சு ஆய்வின் முடிவு வந்த பிறகே, தேறிய தொகுதிகளை மட்டுமே உலர்த்துங்கள். அதையும் வெயிலில் பாய் விரித்துச் செய்யாதீர்கள். நிறமும் மணமும் போவதோடு மண்ணும் கிருமியும் சேர்ந்து இன்னொரு நிராகரிப்புக்கு வழி செய்யும். தட்டு உலர்த்தியுள்ள தயாரிப்பாளர் ஒருவரிடம் கூலிக்குக் கொடுக்கலாம். வறுத்து அரைத்த தூளில் 12 வீத ஈரம் இருப்பதே வழமையல்ல. ஆலையிலிருந்து சூடாக வந்ததை ஆறவிடாமல் கட்டியதாலோ, கறிவேப்பிலை முறுகாமல் போனதாலோ, உள்ளுறை இல்லாத மூடை மழைக்காற்றின் ஈரத்தை இழுத்ததாலோ இது நேர்ந்திருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடியாமல் அடுத்த மூடையைக் கட்ட வேண்டாம்.

முற்பண விடயத்தில், கொள்வனவுக் கட்டளையின் நிராகரிப்புப் பந்தியை முதலில் வாசியுங்கள். நிராகரித்தால் முற்பணம் மீளளிக்கப்படவேண்டும் என்று அதில் இருந்தால் கடப்பாடு உங்களுடையதே. ஆனாலும் அதைப் பணமாகத்தான் தீர்க்கவேண்டும் என்பதில்லை. தேறும் தொகுதிகளின் விலையில் கழிக்குமாறும், தவறும் 200 கிலோவுக்குப் பதில் தூள் தருவதாகவும் முன்மொழியுங்கள். அந்த 200 கிலோவைத் தயாரிக்கத் தேவையான 270,000 ரூபாயை, வரவிருக்கும் 376,000 ரூபாயிலிருந்து எடுக்கலாம். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லையெனில், பொருளைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்பு கொள்வனவாளருக்கு உண்டு. நிராகரித்த பொருளை அவர் திருப்பி அனுப்பவேண்டியதில்லை, அறிவித்தால் போதும். ஆகவே வத்தளையிலோ வேறெங்கோ உள்ள அவர்களது களஞ்சியத்திலிருந்து மூடைகளை எடுக்கும் செலவு பெரும்பாலும் உங்கள் தலையிலேயே விழும். ஆனால் நியாயமான காலத்துக்கு மேல் பேசாமல் வைத்திருந்துவிட்டு நிராகரித்திருந்தால், பொருளை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படலாம். ஒப்படைத்த திகதியையும் நிராகரிப்புக் கடிதத்தின் திகதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இடைவெளி நீண்டதாக இருந்தால் மட்டும் சட்டத்தரணியிடம் போங்கள்.

வங்கிக்குத் தவணை தவறும் முன்னரே போகவேண்டும். நிராகரிப்புக் கடிதத்தையும் மறு ஆய்வுக்கான சம்மதத்தையும் காட்டி, மூன்று மாதங்களுக்கு வட்டியை மட்டும் செலுத்த அனுமதி கேளுங்கள். தவறிய பின் போனால் அதே கோரிக்கைக்கு முகாமையாளரிடம் கிடைக்கும் வரவேற்பு வேறாக இருக்கும்.

பதில் தூளுக்கு மிளகாய் வாங்கும்போது, வறுக்கும் முன்னரே மிளகாயை ஆய்வுக்கு அனுப்புங்கள். அரைத்த பின் கெட்ட காயைப் பொறுக்க முடியாது. 600 கிலோ தூளுக்கான மிளகாயை ஒரே தடவையில் வாங்கி ஆய்வு செய்தால், 20,000 ரூபாய்க் கட்டணம் கிலோவுக்கு 33 ரூபாய் அளவில்தான் வரும். அதை அடுத்த விலைப்புள்ளியில் தனி வரியாகவே காட்டலாம், ஏற்றுமதியாளர்கள் அதற்கு முகம் சுளிப்பதில்லை. நாளுக்கொரு தொகுதி இலக்கம், நிராகரிப்பை அறிவிக்க 14 நாள் எல்லை, பிணக்குக்கு நடுவர் ஆய்வுகூடம் ஆகிய மூன்றையும் புதிய கட்டளையில் எழுதித் தரச் சொல்லுங்கள். இப்போதைக்கு, மறு ஆய்வுக்கான கடிதத்தை இன்றே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பிவிடுங்கள். 12 வீத ஈரத்தோடு மூடைகள் களஞ்சியத்தில் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் நல்ல தொகுதிகளிலும் பூஞ்சணம் பிடிக்க வாய்ப்பைக் கூட்டும்.