ஜாப் கார்டில் எழுதாத வேலைக்குப் பணம் கேட்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் சிறிய கார் பட்டறை நடத்துகிறேன். ஜெனரல் சர்வீஸுக்கும் இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கசிவுக்கும் ஒரு கார் வந்தது. ஜாப் கார்டில் 9,800 ரூபாய் எஸ்டிமேட் எழுதினோம். காரைக் கொண்டுவந்த டிரைவர் கையெழுத்துப் போட்டு நகலை வாங்கிக்கொண்டார். கியர்பாக்ஸை இறக்கியபோது கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தது. ஓனர் போனை எடுக்கவில்லை. டிரைவரைக் கேட்டேன், "போட்டுடுங்க" என்றார். கிளட்ச் செட் 8,700, லேபர் 3,500 சேர்ந்து பில் 22,000 ஆனது. இப்போது ஓனர், "நான் சம்மதிக்கவே இல்லை, 9,800தான் தருவேன்" என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். நான் காரைக் கொடுக்கவில்லை. நாளுக்கு 250 ரூபாய் பார்க்கிங்கும் சேர்த்துவருகிறேன். இன்னொன்று, ஜாப் கார்டில் சீனியர் மெக்கானிக் பெயர் இருக்கிறது. அன்று அவர் லீவு, ஜூனியர்தான் வேலை செய்தார். எங்கள் காப்பியில் கிளட்ச் வேலையையும் ஜூனியர் பெயரையும் இப்போது எழுதிவிடலாம் என்கிறார் மேனேஜர். பழைய பிளேட் பட்டறையில் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் மேனேஜரின் யோசனையைக் கைவிடுங்கள். ஜாப் கார்டில் இனி ஒரு எழுத்துகூடச் சேர்க்கக் கூடாது. வாடிக்கையாளரின் நகல் அவரிடம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த மாத்திரத்தில், கிளட்ச் பற்றிய வரி உங்கள் தாளில் மட்டும் இருப்பது தெரிந்துவிடும். பணத் தகராறாக இருக்கும் விஷயம் அந்த நொடியில் ஆவணத்தைத் திருத்திய குற்றச்சாட்டாக மாறிவிடும். பொய்யாவணம் புனைதலைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 336ஆம் பிரிவு தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. அதைவிட உடனடியான நஷ்டம், அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள் என்பது. கார்டு இப்போதுள்ள நிலையிலேயே முன்பக்கமும் பின்பக்கமும் படமெடுத்து, அசலை உறையில் போட்டுத் தனியாக வைத்துவிடுங்கள்.

இனி டிரைவரின் "போட்டுடுங்க" என்ற சொல்லுக்கு வருவோம். உங்கள் வழக்கின் கனம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. ஒருவர் தம் காரை டிரைவரிடம் கொடுத்துப் பட்டறைக்கு அனுப்பினால், காரை ஒப்படைக்கவும் சொல்லியனுப்பிய வேலைக்குக் கையெழுத்துப் போடவும் அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார் என்று கொள்ளலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 187, 188ஆம் பிரிவுகள் முகவரின் அதிகாரத்தைச் சூழ்நிலையிலிருந்தும் ஊகிக்க இடம் தருகின்றன. ஆனால் 9,800 ரூபாய் வேலைக்கு அனுப்பப்பட்டவருக்கு, அதை இருமடங்குக்கு மேல் உயர்த்தும் புதிய வேலைக்கு ஒப்புதல் தரவும் அதிகாரம் இருந்தது என்பது, வேறு ஆதாரம் இல்லாமல், நிற்பது கடினம். தேய்ந்த கிளட்ச் அவசரநிலையும் அல்ல. ஓனர் அன்று மாலை போனை எடுக்கும்வரை கியர்பாக்ஸ் தரையில் கிடந்திருந்தால் காருக்கு எந்தச் சேதமும் வந்திருக்காது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

வேறு ஆதாரம் எங்கே இருக்கக்கூடும் என்றால், உங்கள் பழைய பில்களில். இதே கார் முன்பு உங்களிடம் வந்து, இதே டிரைவர் போனில் சொன்ன கூடுதல் வேலைக்கு ஓனர் மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்திருந்தால், டிரைவரின் சொல்லே தம் சொல் என்று உங்களை நம்பவைத்தவர் அவர்தான் என்று 237ஆம் பிரிவின்கீழ் வாதிடலாம். அப்படி ஒரே ஒரு பில் கிடைத்தாலும் அது பத்துச் சாட்சிகளுக்குச் சமம். போன் அழைப்புப் பட்டியல் எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்பதைக் காட்டுமே தவிர, என்ன பேசினீர்கள் என்பதைக் காட்டாது. இருந்தாலும் ஓனருக்கு நீங்கள் அழைத்து அவர் எடுக்காத அழைப்புகள் அதில் இருக்கும். உங்கள் நல்லெண்ணத்தைக் காட்ட அவை உதவும். ஆகவே அந்தப் பக்கத்தைச் சேமித்துவையுங்கள். மின்னணுப் பதிவை ஆதாரமாகக் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழையும் சேர்த்துக் கொடுப்பது பாதுகாப்பானது.

ஒப்பந்தமே இல்லை என்று முடிவானாலும் ஒரு வழி மிச்சம் இருக்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் சட்டப்படி செய்த வேலையின் பயனை இன்னொருவர் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு. ஆனால் மேற்கு வங்க அரசு எதிர் பி.கே. மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியபடி, பயனைப் பெறுபவருக்கு அதை மறுக்கவும் திருப்பித்தரவும் வாய்ப்பு இருந்திருக்க வேண்டும்; ஒருவர் தலையில் கட்டிவிட்டுப் பணம் கேட்க முடியாது. "புதியது வேண்டாம், பழையதையே மாட்டிக் கொடுங்கள்" என்று ஓனர் சொல்லிவிட்டால், உங்கள் செலவில் அதைச் செய்துகொடுத்துப் புதிய செட்டை நீங்கள் வைத்துக்கொள்வதே இந்தப் பிரிவின் நியாயம். புதிய கிளட்ச்சோடு காரை எடுத்துச்சென்று ஓட்டினால் மட்டுமே உங்கள் பக்கம் வலுப்பெறும். அதனால்தான் அந்தப் பழைய பிளேட் உங்களுக்குப் பொன். ரிவெட் தலைக்கு மேல் தேய்மானப் பரப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அளந்து, அளவுகோல் தெரியும்படி படமெடுத்து, தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவலில் உள்ள வரம்போடு ஒப்பிட்டு எழுதிவையுங்கள். பிளேட்டைப் பழைய இரும்போடு போட்டுவிட வேண்டாம்.

காரை நிறுத்திவைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. 170ஆம் பிரிவு தரும் பற்றுரிமை, எந்த வேலைக்காகப் பொருள் ஒப்படைக்கப்பட்டதோ அந்த வேலைக்கு உரிய கூலி வரும்வரைக்குமானது. சர்வீஸுக்கும் ஆயில் சீலுக்கும் உரிய 9,800 ரூபாய் வரும்வரை காரை வைத்துக்கொள்ளலாம். அதைத் தருகிறேன் என்று அவர் நோட்டீஸிலேயே எழுதியிருக்கும்போது, வாங்க மறுத்துக் காரைப் பிடித்துவைத்தால் பற்றுரிமையே அடிபட்டுப்போகும். அதன்பின் காருக்கு வரும் சேதம் 161ஆம் பிரிவின்படி உங்கள் தலையில் விழும். நிறுத்திவைத்த காரின் டயர் இறங்கினாலும், பேட்டரி செத்தாலும், எலி ஒயரைக் கடித்தாலும் அந்தப் பில் உங்களுடையது. பார்க்கிங் தொகையை இன்றே விட்டுவிடுங்கள். உங்கள் பாக்கிக்காக நீங்களே நிறுத்திவைத்த காருக்கு அதன் ஓனரிடம் வாடகை கேட்க, முன்பே எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, சட்டத்தில் இடமில்லை. ஜாப் கார்டின் பின்பக்கத்தில் அப்படி ஒரு வரி அச்சடித்திருந்தாலும், அதை டிரைவர் படித்தாரா, ஓனருக்குத் தெரியுமா என்ற கேள்வி வரும்.

மெக்கானிக் விஷயத்தைப் பலர் சின்னதாக நினைக்கிறார்கள். யார் செய்தாலும் பட்டறைதான் பொறுப்பு என்பது சரி; ஒப்படைத்த பொருளிடம் சாதாரண விவேகமுள்ளவர் காட்டும் அக்கறையை 151ஆம் பிரிவு உங்களிடம்தான் எதிர்பார்க்கிறது. ஆனால் சாட்சியம் என்று வரும்போது, பிளேட் தேய்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்தவர் ஜூனியர். உறுதிமொழிப் பத்திரம் அவர் பெயரில்தான் வர வேண்டும். கார்டில் பெயருள்ள சீனியர் லீவில் இருந்த நாளில் தாம் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டால், வருகைப் பதிவேடு ஒன்றே அதை உடைத்துவிடும். பெயர் மாறியதை நீங்களே முந்திக்கொண்டு, காரணத்தோடு, பதில் நோட்டீஸில் சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு கண்டுபிடித்துச் சொன்னால் அது சேவைக் குறைபாட்டுக்கு அத்தாட்சியாகத் தெரியும். நீங்கள் சொன்னால் வெறும் தகவல்.

கேட்கும் தொகையிலும் ஒரு இடறல் இருக்கிறது. ஆயில் சீலுக்காகக் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி 9,800க்குள்ளேயே வந்துவிட்டது. கியர்பாக்ஸ் ஏற்கெனவே கீழே இருக்கும்போது கிளட்ச் செட்டைக் கழற்றி மாட்டுவது, அலைன்மென்ட் பார்ப்பது உட்பட, சிறிய கூடுதல் வேலைதான். அதற்கு 3,500 ரூபாய் என்றால், அதே இறக்கல் ஏற்றலுக்கு இரண்டாம் முறை கூலி வாங்குகிறீர்கள் என்று எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவார். உண்மையில் இது உங்களுக்குச் சாதகமான வாதமாகவும் திரும்பும்: பிறகு தனியாகக் கிளட்ச் மாற்றப் போனால் இறக்கி ஏற்றும் கூலியை ஓனர் இன்னொரு முறை கொடுத்திருப்பார், அதை மிச்சப்படுத்தவே கேட்டோம் என்று நீங்கள் சொல்ல, லேபர் தொகை நேர்மையாக இருக்க வேண்டும்.

ஆகவே பதில் நோட்டீஸை நான் இப்படி அமைப்பேன். 9,800 ரூபாய் பெற்றுக்கொண்டு காரை உடனே ஒப்படைக்கத் தயார். கிளட்ச் பற்றி இரண்டில் ஒன்றை அவரே தேர்ந்தெடுக்கலாம்: புதிய செட்டின் விலை 8,700 மட்டும் சேர்த்து மொத்தம் 18,500 கொடுத்து எடுத்துச்செல்வது, அல்லது பழைய பிளேட்டையே எங்கள் செலவில் மாட்டி வாங்கிக்கொள்வது, கிளட்ச் லேபரும் பார்க்கிங்கும் கோரவில்லை. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், தேய்மான அளவைச் சொல்லி எழுத்தில் எச்சரித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டுக்கும் பதில் சொல்லாமல் 9,800 மட்டும் கொடுத்துக் காரைக் கேட்டால், மீதி குறித்த உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று ரசீதில் எழுதிக் காரைக் கொடுத்துவிடுங்கள்; அந்தத் தொகைக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட, வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டு இருக்கிறது. வெறும் 8,700 ரூபாய்க்காக அங்கே போவது லாபமா என்பது வேறு கணக்கு.

இனி வரும் கார்களுக்கு, வண்டி உள்ளே வரும்போதே ஜாப் கார்டில் இரண்டு விஷயங்கள் எழுதப்பட வேண்டும்: கூடுதல் வேலைக்கு யார் ஒப்புதல் தரலாம், அவர் எண் என்ன என்பதும், கேட்காமலே செய்துகொள்ளும் சில்லறை வேலைக்கு எவ்வளவு வரை அனுமதி என்பதும். அதற்கு மேல் ஏதாவது தெரிந்தால் அந்த இடத்தில் வேலை நிற்க வேண்டும். ஜாப் கார்டு எண், படம், பாகத்தின் விலை, லேபர், எத்தனை நாள் தள்ளிப்போகும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பவற்றை ஒரே வாட்ஸ்அப் செய்தியில் அந்த எண்ணுக்கு அனுப்புங்கள். எழுத்தில் "சரி" வந்த பிறகே ஸ்பானரை எடுக்கலாம். பதில் வராவிட்டால் எழுதிய வேலையை மட்டும் முடித்து, மற்றதை பில்லில் பரிந்துரையாகக் குறித்துவிடுங்கள். மெக்கானிக் மாறினால் பழைய பெயரை ஒரே கோட்டால் அடித்து, புதிய பெயரையும் நேரத்தையும் அன்றே எழுதிக் கையெழுத்திட வேண்டும். அன்றைக்கு எழுதுவது பதிவு; நோட்டீஸ் வந்த பிறகு எழுதுவது திருத்தல்.

கடைசியாக ஒரு கெடு. ஓனர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், புகாரின் நகல் உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்துமூலப் பதிலைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் அதிகபட்சம் இன்னும் 15 நாள் தரலாம். அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அந்த உறை வந்தால், கிடைத்த தேதியை அதன்மேலேயே எழுதி, கார்டின் அசல், பழைய பில்கள், பிளேட்டின் படங்கள் ஆகியவற்றோடு அதே வாரத்தில் உங்கள் வக்கீலிடம் போய்விடுங்கள்.