வீவாப் கோடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சார்ட்டில் VWAP என்று தெரியும் கோடு, கைமாறிய பங்குகளின் அளவையும் கணக்கில் எடுத்துக்கொண்ட அன்றைய சராசரி விலை. அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கணக்கை எளிதாக்க எல்லாப் பதில்களிலும் ஐந்நூறு ரூபாயை ஒட்டி விலைபோகும் ஒரு கற்பனைப் பங்கையே வைத்துக்கொள்வோம்.

சார், என் புரோக்கர் ஆப்பில் மார்க்கெட் டெப்த் பக்கத்தில் ‘ஆவரேஜ் பிரைஸ்’ ஒன்று காட்டுகிறது. அதே பங்கின் சார்ட்டில் வீவாப் வேறு எண் காட்டுகிறது. எது சரி? (ஈரோடு வாசகர்)

ஆவரேஜ் பிரைஸ்தான் அசல். சார்ட்டில் இருப்பது அதன் மதிப்பீடு.

அசல் கணக்கு இப்படித்தான். அன்று நடந்த ஒவ்வொரு வியாபாரத்திலும் விலையை அளவால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த அளவால் வகுக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், இன்று இந்தப் பங்கில் கைமாறிய மொத்தப் பணம், கைமாறிய மொத்தப் பங்குகள், இரண்டுக்கும் உள்ள விகிதம். எக்ஸ்சேஞ்சிடம் எல்லா வியாபாரமும் இருப்பதால் அது துல்லியமாகப் போட்டுவிடும்.

சார்ட் மென்பொருளிடம் தனித்தனி வியாபாரங்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. கேண்டில்கள்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு கேண்டிலிலும் உச்சம், தாழ்வு, முடிவு மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, கேண்டிலின் மொத்த அளவும் அந்த ஒரே விலையில் நடந்ததாக வைத்துக்கொள்கிறது.

காலை 9:15க்குத் தொடங்கும் மூன்று ஐந்து நிமிட கேண்டில்களைப் பாருங்கள். முதலாவதில் உச்சம் 504, தாழ்வு 498, முடிவு 501. சராசரி 501, அளவு 40,000 பங்குகள். இரண்டாவதின் சராசரி 503, அளவு 25,000. மூன்றாவதின் சராசரி 502, அளவு 15,000. பெருக்கிக் கூட்டினால் 4,01,45,000 ரூபாய். மொத்த அளவு 80,000. வகுத்தால் 9:30 மணி வீவாப் 501.81. மூன்று விலைகளின் வெறும் சராசரி 502. முதல் கேண்டிலில் அளவு அதிகம் என்பதால் அது கோட்டைக் கீழே இழுத்திருக்கிறது.

இப்போது முதல் கேண்டிலுக்குள் நுழைவோம். உண்மையில் 30,000 பங்குகள் 499ஐ ஒட்டியும், 10,000 பங்குகள் 503ஐ ஒட்டியும் கைமாறியிருந்தால், அந்தக் கேண்டிலின் அசல் சராசரி 500. சார்ட் 501 என்று எடுத்துக்கொண்டது. அந்த ஒரு ரூபாய்ப் பிழை 9:30 மணிக் கணக்கில் 50 பைசா வித்தியாசமாகத் தெரியும். அசல் 501.31, சார்ட்டில் 501.81.

ஐந்து நிமிட சார்ட்டை ஒரு நிமிட சார்ட்டாக மாற்றிப் பாருங்கள், கோடு லேசாக நகரும். கேண்டில் சிறிதாகச் சிறிதாக அசலை நெருங்கும் என்பதுதான் காரணம். அப்புறம், காலை 9 மணிக்குத் தொடங்கும் முன்திறப்பு நேரத்தில் பொருந்திய அளவைச் சில சார்ட்டுகள் சேர்க்கும், சில சேர்க்காது. அந்த வித்தியாசம் முதல் அரை மணி நேரத்தில்தான் உறுத்தும்.

நானே பைத்தானில் எழுதிப் பார்த்தேன். இரண்டாவது நாளிலிருந்து கோடு விலையை விட்டு எங்கோ போகிறது. லைவ் டேட்டாவில் ஓட்டினால் இன்னும் மோசம். (கோவை வாசகர்)

இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதலாவது, நீங்கள் தினமும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கவில்லை. இந்தக் கணக்கு அந்த நாளுக்கு மட்டும் உரியது. மறுநாள் 9:15க்குப் பணமும் அளவும் மறுபடி சுழியாக வேண்டும். தேதி வாரியாகப் பிரித்துக் கூட்டினால் சரியாகிவிடும்.

```
d    = df.index.date
pv   = (tp * vol).groupby(d).cumsum()
v    = vol.groupby(d).cumsum()
vwap = pv / v
```

இரண்டாவது கோளாறு கண்ணில் படுவது கஷ்டம். புரோக்கர் அனுப்பும் லைவ் டேட்டாவில் வால்யூம் என்று வருவது பெரும்பாலும் காலையிலிருந்து அந்த நொடி வரை சேர்ந்த மொத்தம். அதை அப்படியே விலையால் பெருக்கினால், காலையில் நடந்த அளவை ஒவ்வொரு டிக்கிலும், அதாவது புதிதாக வரும் ஒவ்வொரு விலைத் தகவலிலும், திரும்பத் திரும்ப எண்ணுகிறீர்கள். முந்தைய டிக்கின் எண்ணைக் கழித்துத்தான் பெருக்க வேண்டும். கண்டுபிடிக்க எளிய வழி: நீங்கள் கூட்டிய மொத்த அளவை, ஆப் காட்டும் அன்றைய வால்யூமோடு ஒப்பிடுங்கள். பல மடங்கு அதிகமாக இருந்தால் இதுதான் சங்கதி.

கழித்தாலும் முழுத் துல்லியம் வராது. இரண்டு டிக்குகளுக்கு நடுவே பல விலைகளில் பல வியாபாரங்கள் நடந்திருக்கலாம், உங்களுக்கு வருவது கடைசி விலை மட்டும். எக்ஸ்சேஞ்ச் கணக்கிட்ட சராசரி விலை அதே டேட்டாவில் ஒரு தனிப் புலமாக வந்தால், அதை எடுத்துக்கொண்டு வேறு வேலையைப் பாருங்கள்.

காலையில் கோடு சுறுசுறுப்பாக ஆடுகிறது, மதியத்துக்கு மேல் படுத்துவிடுகிறது. அந்த நேரத்தில் அதை சப்போர்ட் என்று நம்பலாமா? (மதுரை வாசகர்)

படுத்துக்கொள்வது கணக்கின் இயல்பு. புதிதாக ஒரு வியாபாரம் வரும்போது கோடு எவ்வளவு நகரும் என்பதற்கு ஒரு சின்ன சூத்திரம் உண்டு:

```
நகர்வு = (புதிய விலை − பழைய VWAP) × புதிய அளவு ÷ (பழைய அளவு + புதிய அளவு)
```

காலை 9:30க்கு மொத்த அளவு 80,000. கோட்டுக்கு 9 ரூபாய் மேலே 45,000 பங்குகள் கைமாறினால் கோடு 3 ரூபாய் 24 பைசா ஏறும். மதியம் 2:45க்குள் 9 லட்சம் பங்குகள் கைமாறிவிட்டன, கோடு 503இல் இருக்கிறது என்று வைப்போம். அதே 45,000 பங்குகள் அதே 9 ரூபாய் மேலே, 512இல் நடந்தால் நகர்வு வெறும் 43 பைசா. விலை எகிறிவிட்டது, கோடு அசையவே இல்லை.

ஆகவே மதியத்தில் விலை கோட்டுக்கு மேலே நிற்பது, அன்று வாங்கியவர்கள் சராசரியாக லாபத்தில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. அடுத்து விலை எங்கே போகும் என்று அது சொல்லவில்லை. கோட்டைத் தொட்டதும் விலை திரும்பிய சார்ட்டுகளை மட்டும் பொறுக்கிக் காட்டுகிறவர்கள் நிறையப் பேர். வெட்டிக்கொண்டு போன நாட்களையும் எண்ணச் சொல்லுங்கள். பெரிய ஆர்டர்களைக் கையாளுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது உண்மைதான். அதற்காக அந்த விலையில் யாரோ வாங்கக் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை.

ஃபண்டுகள் ‘வீவாப்பை விட நல்ல விலையில் வாங்கினோம்’ என்று சொல்வது எதை வைத்து? அது பெருமைப்படும் விஷயமா? (சென்னை வாசகர்)

இந்த எண்ணின் முதன்மையான வேலையே இதுதான். பெரிய ஆர்டரை ஒரே அடியாகப் போட முடியாது, நாள் முழுக்கச் சிறிது சிறிதாக வாங்க வேண்டும். வாங்கி முடித்தபின், டீலர் ஒழுங்காக வேலை செய்தாரா என்று பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். நாளின் முடிவு விலையோடு ஒப்பிடுவது அநியாயம், அது ஒரு கணத்தின் விலை. அன்று சந்தையில் எல்லோரும் சேர்ந்து கொடுத்த சராசரியோடு ஒப்பிடலாம் என்று பெர்கோவிட்ஸ், லோக், நோசர் மூவரும் 1988இல் நியூயார்க் பங்குச் சந்தைச் செலவுகளைப் பற்றிய ஆய்வில் முன்வைத்தார்கள். டீலர் 503.60இல் வாங்கி, அன்றைய வீவாப் 503 என்றால், 60 பைசா கூடுதல். அதாவது சுமார் 0.12 சதவீதம், தொழில் வழக்கில் 12 பேசிஸ் பாயிண்ட்.

இந்த அளவுகோலை ஒட்டி வாங்க டீலர் நேரத்தைச் சமமாகப் பிரிப்பதில்லை. காலையிலும் மாலையிலும் வியாபாரம் அதிகம், நடுப்பகலில் மந்தம். ஆகவே கடந்த நாட்களில் ஒவ்வொரு கால்மணியிலும் எத்தனை சதவீத அளவு நடந்தது என்று பார்த்து, அதே விகிதத்தில் ஆர்டரை வெட்டிப் போடுவார்கள். ரிசல்ட் வரும் நாளில் இந்தக் கணிப்பு பொய்த்துவிடும். நடுப்பகலில் செய்தி வந்து அளவு குவியும், டீலரோ காலையிலேயே பாதியை வாங்கி முடித்திருப்பார்.

பெருமைப்படலாமா என்றால், ஆர்டரின் அளவைப் பார்க்காமல் சொல்ல முடியாது. இந்த அளவுகோலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: வாங்குபவரின் சொந்த வியாபாரமும் சராசரிக்குள் சேர்ந்துவிடும். வியாபாரம் குறைந்த ஒரு பங்கில் அன்று மொத்தம் 10 லட்சம் கைமாறியது, அதில் 6 லட்சம் ஒரே ஃபண்ட் வாங்கியது என்று வைப்போம். ஃபண்டின் சராசரி 510. மீதி 4 லட்சத்தின் சராசரி 503. அன்றைய வீவாப் 507.20. அறிக்கையில் ‘2 ரூபாய் 80 பைசா கூடுதல்’ என்று வரும். தன் அளவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 7 ரூபாய். ஆர்டர் கைக்கு வந்தபோது விலை 500ஆக இருந்திருந்தால், அதிலிருந்து 10 ரூபாய். விலையை ஏற்றியதே அவர்கள்தான் என்பதை முதல் எண் மறைத்துவிடுகிறது. முழுக்க அவர்களே வாங்கியிருந்தால் வித்தியாசம் சுழி, அறிக்கை பளிச்சென்று இருக்கும்!

அதனால் ஆர்டர் அன்றைய அளவில் சில சதவீதத்துக்குள் இருந்தால் வீவாப்போடு ஒப்பிடுவது நியாயம். அதைத் தாண்டினால், ஆர்டர் வந்த கணத்தின் விலையையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

நிஃப்டி சார்ட்டில் வீவாப் வரவில்லை. செட்டிங் ஏதாவது மாற்ற வேண்டுமா? (திருச்சி வாசகர்)

செட்டிங்கில் குறை இல்லை. நிஃப்டி ஒரு குறியீடு, அதை நேரடியாக யாரும் வாங்கி விற்பதில்லை. அளவு இல்லாமல் இந்தக் கணக்கே கிடையாது. நிஃப்டி ஃப்யூச்சர்ஸ் சார்ட்டில் போட்டுப் பாருங்கள், அங்கே அளவு இருக்கிறது. ஆனால் ஃப்யூச்சர்ஸ் விலை வழக்கமாகக் குறியீட்டிலிருந்து சற்று விலகியே இருக்கும், அந்தக் கோட்டை எடுத்து ஸ்பாட் சார்ட்டில் ஒட்டாதீர்கள்.

நேற்று 3:30க்குக் கடைசியாக 512இல் ஒரு வியாபாரம் நடந்தது. இன்று ‘முந்தைய முடிவு’ 509.40 என்று காட்டுகிறார்கள். எங்கே போனது 2 ரூபாய் 60 பைசா? (சேலம் வாசகர்)

எங்கும் போகவில்லை. என்எஸ்இயில் பல ஆண்டுகளாக இருந்துவரும் முறைப்படி, முடிவு விலை என்பது மாலை 3 மணி முதல் 3:30 வரையிலான வீவாப். கடைசி நொடியில் ஒருவர் பெரிய ஆர்டர் போட்டு முடிவு விலையை இஷ்டத்துக்கு இழுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அந்த அரை மணியில் பெரும்பகுதி 508, 509இல் நடந்து, கடைசியில் கொஞ்சம் மட்டும் 512இல் நடந்திருக்கும். அந்த அரை மணியில் வியாபாரமே நடக்காத பங்கு என்றால், கடைசியாக நடந்த விலையையே எடுத்துக்கொள்வார்கள்.

இதே மாதிரி இன்னொரு குட்டி வீவாப்பும் உண்டு. மிகப் பெரிய ஆர்டர்களை ஒரே வியாபாரமாக முடிக்க ஒதுக்கிய பிற்பகல் பிளாக் டீல் நேரம் 2:05க்குத் தொடங்கும். அதற்கான அடிப்படை விலை 1:45 முதல் 2 மணி வரை நடந்த வியாபாரங்களின் வீவாப். உங்கள் சார்ட்டில் இருக்கும் நாள் முழுதுக்குமான கோட்டோடு இந்த இரண்டும் ஒத்துப்போகாது, மூன்றும் வேறு வேறு நேரத்துக்கானவை.