ஆரஞ்சுக் கருவுக்கு இரட்டை விலையா?

"நாட்டுக்கோழி முட்டை என்று சொல்லி என்னிடம் ஒன்றுக்கு 18 ரூபாய் வாங்கினார்கள். கரு நல்ல ஆரஞ்சு. பக்கத்து வீட்டில் அதே மாதிரி முட்டையைப் பண்ணை முட்டை என்று 7 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா?" – தண்டையார்பேட்டை வாசகி

ஏமாற்றப்பட்டிருக்கலாம், அம்மா. தவறு உங்களுடையது அல்ல. கருவின் நிறம் கோழி தின்ற தீவனத்தின் நிறம், அவ்வளவுதான். அந்த நிறமியைக் கோழியின் உடலால் உண்டாக்க முடியாது. மஞ்சள் மக்காச்சோளமும் கீரையும் தின்றால் மஞ்சள் வரும். அடர் ஆரஞ்சுக்கு அது போதாது, மேலே சிவப்பு நிறமியும் வேண்டும். அதற்காகப் பண்ணைத் தீவனத்தில் செண்டுமல்லிப் பூச்சாற்றோடு சிவப்பு மிளகாய்ச் சாறோ செயற்கை நிறமியோ சேர்க்க முடியும். எவ்வளவு ஆரஞ்சு வேண்டும் என்று பார்க்க எண் போட்ட விசிறி அட்டையே இருக்கிறது. கூண்டுக் கோழியிடமும் அந்த நிறம் வாங்கலாம் என்பதால், நிறத்தைக் காட்டி 'நாட்டுக்கோழி' என்பது எதற்கும் சாட்சி ஆகாது.

சத்து? வெளிர் கரு, ஆரஞ்சுக் கரு இரண்டிலும் முட்டைக்குச் சுமார் 6 கிராம் புரதம்தான். வைட்டமின் ஏ கருவுக்கு நிறம் தருவதில்லை, அதனால் வெளிர் கருவிலும் அது நிறைய இருக்கலாம். மஞ்சள் நிறமியில் உள்ள லூட்டீன் கண்ணுக்கு நல்லது, உண்மைதான். ஆனால் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையில் அது இன்னும் அதிகம்.

என் அம்மா உடம்பு சரியில்லாமல் இருந்தபோது நானும் ஆறு மாதம் ஆரஞ்சுக் கருவுக்கு இரட்டை விலை கொடுத்தேன். அந்தக் காசில் அவருக்குப் பழம் வாங்கியிருக்கலாம் என்று இன்றும் மனசு கேட்கவில்லை.

"மொட்டைமாடியில் நாலு கோழி வளர்க்கிறேன். கரு வெளுத்துப்போய் இருக்கிறது. சத்தே இல்லை என்கிறாள் மருமகள்." – வியாசர்பாடி வாசகர்

என்ன போடுகிறீர்கள்? சோறும் நொய்யும் என்றால் காரணம் அதுதான். வெள்ளை அரிசியில் நிறமி இல்லை. தினமும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையோ அகத்தியோ கிள்ளிப் போடுங்கள், கொஞ்சம் மஞ்சள் மக்காச்சோளமும் உடைத்துப் போடுங்கள். மூன்றாம் நாளே பார்த்துவிட்டுக் கைவிடாதீர்கள். ஒரு கரு கோழியின் வயிற்றில் பத்து நாள் போல அடுக்கடுக்காக வளர்கிறது, ஆகவே இரண்டு வாரம் கழித்து உடைத்துப் பாருங்கள், மஞ்சள் ஏறியிருக்கும். ஆனால் ஒன்று: சோறும் நொய்யும் மட்டுமே தின்கிற கோழிக்குப் புரதமும் சுண்ணாம்பும் போதாது. முட்டை குறையும், ஓடு மெலியும். மருமகள் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

"கரு ஆரஞ்சாக இருக்கும் என்றதால் ஒரு அட்டை முட்டை வாங்கினேன். நாலு கெட்டுப்போச்சு. எப்படி?" – ராயபுரம் வாசகர்

தேதி பார்த்தீர்களா? நிறம் முட்டையின் வயதைச் சொல்லாது. உடைத்துத் தட்டில் ஊற்றினால் புது முட்டையின் கரு மேடாக நிற்கும், பழசு தட்டையாகப் படுத்துவிடும். முப்பது முட்டை வாங்கும் முன் ஒன்றை வாங்கி உடைத்துப் பார்த்திருக்க வேண்டும்.