நடைபாதைப் புத்தகக் கடையில் பழைய புத்தகங்களுக்கு விலை வைப்பது

கேள்வி: கும்பகோணத்தில் மாலை நேரத்தில் நடைபாதையில் பழைய புத்தகம் விற்கலாம் என்று இருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அட்டை விலையில் பாதி என்று வைத்துவிட்டால் போதுமா?

போதாது. பாதி விலைக் கணக்கு அண்மையில் அச்சான புத்தகங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். நீங்கள் வீடுகளிலிருந்து வாங்கப்போகும் கட்டுகளில் அப்படிப்பட்டவை பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. போன ஆண்டு நான் வாங்கிய ஒரு கட்டை வைத்தே சொல்கிறேன்.

ஆனி மாதத் தொடக்கத்தில் பாபநாசத்தில், காலமான ஓர் ஆசிரியரின் வீட்டில் 84 புத்தகங்கள் இருந்தன. எடை 36 கிலோ. பழைய பேப்பர்க்காரர் கிலோ 14 ரூபாய் என்று 504 ரூபாய் சொல்லியிருந்தார். நான் மொத்தமாக 1,500 கொடுத்தேன். வண்டிச் செலவு 100. ஒரு புத்தகத்துக்கு ஏறத்தாழ 19 ரூபாய் அடக்கம். ஆனால் இந்த 19-ஐ வைத்து ஒவ்வொன்றுக்கும் விலை போடக்கூடாது. கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மூன்றாகப் பிரித்தேன். உடனே போகக்கூடியவை 24, மெதுவாகப் போகக்கூடியவை 38, அட்டை விலைக்கு அர்த்தமே இல்லாத பழையவை 22.

முதல் குவியலில் இருந்தவை கடந்த ஏழெட்டு ஆண்டுகளில் அச்சானவை. சமையல், சோதிடம், சரித்திர நாவல், ஆன்மிகம். இங்கேதான் பாதி விலை செல்லுபடியாகும். அட்டையில் 300 போட்ட புத்தகம் புதிது போல இருந்தால் 150. உள்ளே பெயர் எழுதி, முதுகில் மடிப்பு விழுந்திருந்தால் 130. பேனாவால் அடிக்கோடு போட்டிருந்தால் 100. அட்டை கிழிந்து டேப் ஒட்டியிருந்தால் 90. பேரத்துக்கு இடம் விட்டு 10, 20 கூட்டிச் சொல்லலாம். அதற்கு மேல் கூட்டினால் வருபவர் பேரமே பேசாமல் நகர்ந்துவிடுவார். இந்த 24-ம் மூன்று வாரத்தில் 1,850 ரூபாய் கொடுத்தன. போட்ட பணம் முதல் குவியலிலேயே திரும்பிவிட வேண்டும் என்று கணக்கு வைத்துத்தான் நான் எந்தக் கட்டையும் வாங்குகிறேன். திரும்பாது என்று தோன்றினால் கட்டை வாங்குவதில்லை.

விலை போடுவதற்கு முன் உள்ளே பாருங்கள். பெரும்பாலான புத்தகங்கள் பதினாறு பக்கம் கொண்ட பாரங்களாக அச்சாகின்றன. பைண்டிங்கில் ஒரு பாரம் விடுபட்டாலோ, ஒன்றே இருமுறை சேர்ந்தாலோ வெளியே தெரியாது. 16, 32, 48 என்று பாரம் முடியும் இடங்களில் பக்க எண் தொடர்கிறதா என்று புரட்டினால் ஒரு நிமிடத்தில் பிடிபடும். பாரம் விட்ட நாவலை நான் அரை விலைக்கும் விற்பதில்லை. நான்கு நாள் கழித்து வந்து, கதை நடுவில் அறுந்துவிட்டது என்று ஒருவர் நிற்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது. இராமபாணப் பூச்சி துளைத்த புத்தகத்தையும் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள், அது பக்கத்துப் புத்தகத்துக்கும் போகும். நூலக முத்திரை உள்ளதையும், ‘விற்பனைக்கு அன்று’ என்று அச்சிட்ட விலையில்லாப் பாடநூலையும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

இனி உங்களைக் குழப்பப்போகும் மூன்றாவது குவியல். 1978-இல் அச்சான, 240 பக்கமுள்ள ஒரு நாவல் அதில் இருந்தது. அட்டை விலை ஆறு ரூபாய். பாதி என்றால் மூன்று ரூபாய்! இங்கே அட்டையை மறந்துவிட்டு, அதே நூல் இன்று புதிதாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்று பார்க்க வேண்டும். அந்த நாவலின் மறுபதிப்பு 250 ரூபாய். நான் மூன்றில் ஒரு பங்கு வைத்து 80-க்கு விற்றேன். பாதி வைக்காததற்குக் காரணம் தாள். ஒரு பக்கத்தின் மூலையை மெல்ல மடித்துப் பாருங்கள். ஒடிந்து கையோடு வந்தால் அந்தப் புத்தகம் இன்னும் இரண்டு வாசிப்பைத் தாங்காது, 40-க்கு மேல் கேட்பது நியாயமில்லை. பழையது என்பதாலேயே அரியது என்றும் நினைத்துவிட வேண்டாம். கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையான பிறகு பல பதிப்பகங்கள் அவற்றை அச்சிடுகின்றன. மலிவுப் பதிப்பு கிடைக்கும்போது, கிழிந்த பழைய பதிப்புக்குக் கூடுதல் விலை யாரும் தரமாட்டார்கள்.

விதிவிலக்கு, வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து வீட்டில் பைண்டு செய்த தொகுதிகள். அவற்றுக்கு அட்டை விலையே கிடையாது, ஆனால் அந்தக் கால ஓவியங்களோடு இருப்பதால் தேடி வருபவர்கள் இருக்கிறார்கள். கடை போட்ட முதல் ஆண்டில் அப்படி ஒன்றுக்கு 60 ரூபாய் சொன்னேன். ஒரு பெரியவர் மறுபேச்சில்லாமல் நோட்டை நீட்டிவிட்டு, பையில் வைக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு போனார். விலை தப்பு என்று அப்போதுதான் புரிந்தது. தொடர்ந்து இரண்டு பேர் பேரம் பேசாமல் வாங்கினால் அந்த வகைக்கு விலை குறைவாக வைத்திருக்கிறீர்கள். மூன்று பேர் எடுத்து, விலை கேட்டு, திரும்ப வைத்தால் அதிகம். யாரும் கையிலேயே எடுக்கவில்லை என்றால் பிரச்சினை விலையில் இல்லை, அந்தப் புத்தகம் இந்தத் தெருவுக்கு உரியது இல்லை.

இதற்கெல்லாம் மேலே நிற்பது மழை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் வாரத்தில் இரண்டு மாலை கடை போட முடிந்தாலே பெரிது. ஈரக்காற்றில் வீட்டுக்குள் இருக்கும் கட்டும் ஊதிப் பூசணம் பிடிக்கும். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் சரக்கு பாதிக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். புத்தகம் வந்ததும் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ‘6/19’ என்று எழுதுவேன். ஆறாம் மாதம் வந்தது, அடக்கம் 19 என்று பொருள். இரண்டு மாதம் ஆனதும் விலையில் கால் பங்கு குறைப்பேன். நான்கு மாதம் ஆனால் இருபது ரூபாய்க் குவியலுக்குப் போகும். நல்ல புத்தகத்தை அங்கே போட மனம் வராது, எனக்கும் இன்றுவரை வருவதில்லை. ஆனால் 400 கிராம் புத்தகத்துக்குப் பேப்பர் கடையில் ஆறு ரூபாய்கூட வராது என்பதை நினைத்துக்கொண்டால் கை போகும்.

தேர்வு வழிகாட்டி நூல்களுக்கு இந்த நான்கு மாதமும் கிடையாது. அறிவிப்பு வந்த வாரத்தில் அட்டை விலையில் பாதிக்குப் போவது, தேர்வுக்கு மறுநாள் முப்பது ரூபாய்க்கும் போகாது. விடைகளில் பேனாவால் குறியிட்டிருந்தால் ஆரம்பத்திலேயே வாங்காதீர்கள்.

பாபநாசத்துக் கட்டில் இரண்டாவது குவியலில் 27 நூல்கள் சராசரியாக 50 ரூபாய்க்குப் போயின. மூன்றாவதில் பத்து போயின. மீந்த இருபதை மழைக்கு முன் இருபது ரூபாய்க் குவியலில் போட்டதில் 14 போயின, ஆறு எடைக்குப் போயின. பைண்டு தொகுதிகள் மூன்றை மட்டும் குவியலில் சேர்க்காமல் வேப்பிலை போட்டு, துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்தேன். மாசியில் இரண்டு, தலா 400 ரூபாய்க்குப் போயின. மூன்றாவதில் ஒரு வாரத்து அத்தியாயம் இல்லை. அதை வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லி 250 கேட்கிறேன். இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.