20 லட்சம் கொடுத்தால் ஆயுள் முழுக்கப் பென்ஷன்: அந்த 8.1% எங்கிருந்து வருகிறது?

கேள்வி: தனியார் நிறுவனத்திலிருந்து போன மாதம் ஓய்வு பெற்றேன். எனக்கு வயது 60, மனைவிக்கு 56. பி.எஃப். பணத்தில் 20 லட்சத்தை ஒரே தவணையாகக் கட்டினால் என் ஆயுள் முழுக்க மாதம் 13,500 ரூபாய் வரும் என்கிறார் ஏஜென்ட். "வருஷத்துக்கு 8.1 சதவீதம் சார், எந்த பேங்க் கொடுக்கும்?" என்று கேட்கிறார். எனக்குப் பிறகு அசல் குடும்பத்துக்குத் திரும்ப வர வேண்டுமென்றால் மாதம் 10,800தானாம். எதை எடுப்பது? உண்மையில் எத்தனை சதவீதம் கிடைக்கிறது?

பதில்: ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. 13,500-ஐ 12-ஆல் பெருக்கினால் 1,62,000. அது 20 லட்சத்தில் 8.1%தான். ஆனால் அது வட்டி விகிதம் அல்ல. பேங்க் டெபாசிட்டில் வட்டி வாங்கிக்கொண்டே இருந்தாலும் அசல் அப்படியே இருக்கும். இந்த முதல் திட்டத்தில் அசல் திரும்பாது. மாதாமாதம் வரும் 13,500-க்குள் வட்டியும் இருக்கிறது, உங்கள் சொந்தப் பணமும் இருக்கிறது. போட்ட 20 லட்சம் கைக்குத் திரும்பி வரவே 149 தவணை ஆகும், அதாவது ஏறக்குறைய 12 வருடம் 5 மாதம். அதுவரை நீங்கள் வாங்குவது உங்கள் பணத்தையேதான். அதற்குப் பிறகு வருவதுதான் லாபம்.

அதனால் "எத்தனை சதவீதம்?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. நீங்கள் எத்தனை வயது வரை இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ நீங்களே பார்த்துவிடலாம். 80 வயது வரை என்றால் 20 வருடம், 240 மாதம்:

```
=(1+RATE(240,13500,-2000000))^12-1
```

முதல் எண் மாதங்கள், இரண்டாவது மாதப் பென்ஷன், மூன்றாவது நீங்கள் கட்டும் தொகை. கையை விட்டுப் போகும் பணம் என்பதால் அதற்கு முன்னால் கழித்தல் குறி வேண்டும். அதை விட்டுவிட்டால் #NUM! என்றுதான் வரும். RATE தருவது மாத விகிதம். அதை ஆண்டுக்கு மாற்றத்தான் கடைசியில் ^12. விடை 0.054 என்பதுபோல் தசமத்தில் தெரியும், சதவீத வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாத எண்ணிக்கையை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்த்தால் இப்படி வருகிறது:

| எந்த வயது வரை | மொத்தம் வாங்கியது | ஆண்டு வருமான விகிதம் |
|---|---|---|
| 70 | 16.2 லட்சம் | மைனஸ் 4% |
| 75 | 24.3 லட்சம் | 2.7% |
| 80 | 32.4 லட்சம் | 5.4% |
| 85 | 40.5 லட்சம் | 6.7% |
| 90 | 48.6 லட்சம் | 7.4% |
| 95 | 56.7 லட்சம் | 7.8% |

75 வயதில் போட்டதைவிட 4.3 லட்சம் கூடுதலாக வாங்கியிருப்பீர்கள். ஆனாலும் ஆண்டுக்கு 2.7%தான், சேமிப்புக் கணக்கு வட்டி மாதிரி. 65-லேயே போய்விட்டால் 20 லட்சத்துக்கு 8.1 லட்சம் வந்ததோடு கணக்கு முடிந்தது. அந்த வரியைச் சதவீதத்தில் எழுதவே மனசு வரவில்லை. ஏஜென்ட் சொன்ன 8.1-ஐத் தொட 95-ம் போதவில்லை என்பதைக் கவனியுங்கள். சாவே இல்லாத ஒருவருக்குக்கூட, ஆண்டு முடிவில் மொத்தமாக வராமல் மாதாமாதம் வருவதையும் கணக்கில் சேர்த்தால், 8.4%-க்கு மேல் இந்தத் திட்டம் போகாது. அதுதான் அதன் உச்சவரம்பு.

சரி, அசல் திரும்பும் திட்டம்? அங்கே நான்காவதாக ஓர் எண் சேரும், கடைசியில் குடும்பத்துக்கு வரும் 20 லட்சம்:

```
=(1+RATE(240,10800,-2000000,2000000))^12-1
```

இதில் 240-க்குப் பதில் 60 போடுங்கள், 420 போடுங்கள். விடை அசையவே அசையாது, எப்போதும் 6.7%தான். அசல் முழுசாகத் திரும்புவதால் மாதம் வரும் 10,800 மொத்தமும் வட்டி. மாதத்துக்கு 0.54%. நீங்கள் எப்போது போனாலும் இந்த விகிதம் மாறாது. காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் வந்தாலும், இது உங்கள் ஆயுள் முடியும்வரை வட்டி மாறாத ஒரு டெபாசிட்தான். நீண்ட நாள் வாழ்ந்தால் கூடுதல் பலன் என்று இதில் எதுவும் இல்லை.

இப்போது மறுபடியும் அட்டவணையில் 85 வயது வரியைப் பாருங்கள். அங்கேயும் 6.7%. அதாவது உங்களுக்குச் சொல்லப்பட்ட இந்த இரண்டு தொகைகளும் சந்திக்கும் வயது 85. அதற்கு முன்னால் காலம் முடிந்தால் 10,800 வாங்கியதுதான் கணக்குப்படி சரி. தாண்டிவிட்டால் 13,500 ஜெயிக்கிறது. இதையே வேறு வழியாகவும் பார்க்கலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதம் 2,700 ரூபாய். அந்த 2,700-ஐ மாதாமாதம் இதே 6.7%-ல் போட்டு வந்தால் 25 வருடத்தில் 20 லட்சத்தைச் சற்றுத் தாண்டும். 10,800 திட்டத்தை எடுத்தால் கம்பெனி உங்களுக்காக அதைத்தான் செய்கிறது. வித்தியாசம் இரண்டுதான்: நீங்கள் நடுவில் போனாலும் முழு 20 லட்சத்தைக் கொடுத்துவிடும், 85-ஐத் தாண்டினாலும் 2,700-ஐப் பிடிப்பதை நிறுத்தாது.

ஆகவே 13,500 திட்டம் என்பது, நான் 85-ஐத் தாண்டுவேன் என்று கட்டும் பந்தயம். பந்தயம் என்பதால் கெட்டது என்று அர்த்தமில்லை. பிள்ளைகள் யாரையும் நம்பியிராத, யாருக்கும் விட்டுச் செல்ல வேண்டியதில்லாத, வீட்டில் 90-க்கு மேல் வாழ்ந்தவர்கள் நிறைய இருக்கும் ஒருவர் வந்து கேட்டால் எடுக்கச் சொல்வேன். பணம் தீர்ந்த பிறகும் உயிரோடு இருப்போமோ என்ற பயத்துக்கு வேறு நல்ல மருந்து இல்லை. உங்கள் நிலைமை அதுவல்ல. உங்களுக்கு 56 வயதில் மனைவி இருக்கிறார்.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த ஏஜென்ட் மேல் கோபம். அவர் சொன்ன 13,500 உங்கள் ஆயுளுக்கு மட்டும். சொல்லக் கூடாதுதான், உங்கள் 72-வது வயதில் ஏதாவது ஆகிவிட்டால் அதுவரை வந்தது 19.44 லட்சம். அடுத்த மாதத்திலிருந்து எதுவும் வராது. அப்போது உங்கள் மனைவிக்கு 68 வயது, கையில் பென்ஷனும் இல்லை, அசலும் இல்லை. 10,800 திட்டத்தில் நாமினியாக அவருக்கு 20 லட்சம் வரும். ஆனால் அந்த வயதில் அதை எங்கே போடுவது என்று அவரே முடிவெடுக்க வேண்டியிருக்கும். இவை இரண்டும் இல்லாமல், உங்களுக்குப் பிறகு மனைவிக்கும் முழுப் பென்ஷன் தொடரும் ஜாயின்ட் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அசல் திரும்பாத ஜாயின்ட் திட்டத்தில் மாதத் தொகை பொதுவாக 13,500-க்கும் 10,800-க்கும் நடுவில் எங்கேயாவது இருக்கும். அதன் கொட்டேஷனை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதே சூத்திரம்தான், மாதங்களை மட்டும் இருவரில் யார் கடைசிவரை இருப்பாரோ அவர் வயதுக்குக் கணக்கிடுங்கள். மனைவி 88 வரை இருந்தால் இன்றிலிருந்து 32 வருடம், 384 மாதம். அவர் உங்களைவிட நான்கு வயது இளையவர் என்பதால் இந்தக் கணக்கில் மாதங்கள் நீளும், விகிதமும் உங்கள் ஒருவருடைய ஆயுளுக்குப் பார்த்ததைவிட உறுதியாக நிற்கும்.

ஆனால் நான் இப்போதே இதில் எதையும் வாங்கச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு 60 ஆகிவிட்டதால் தபால் நிலையத்திலோ பேங்கிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2% ஆனது. அந்த விகிதத்தில் 20 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 வரும். மாதக் கணக்குக்கு 13,667. ஏஜென்ட் காட்டிய தொகையைவிட ஒரு நூறு ரூபாய்க்கு மேல் கூடுதல், அசலும் அப்படியே உங்கள் பெயரில் இருக்கிறது. மனைவியைச் சேர்த்து ஜாயின்ட் கணக்காகத் திறக்கலாம், அதற்கு அவருக்கு 60 ஆகியிருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பென்ஷன் திட்டத்தை ஏன்தான் வாங்குகிறார்கள்? சேமிப்புத் திட்டத்தின் வட்டி உறுதி ஐந்து வருடத்துக்குத்தான். அப்புறம் நீட்டிக்கும்போது அன்றைய விகிதம். இதே திட்டம் 2020 முதல் 2022 வரை 7.4%-ல் இருந்தது. அந்த விகிதத்தில் உங்கள் மாத வரவு 12,333 ஆகியிருக்கும். பென்ஷன் திட்டத்தில் இன்று எழுதிய தொகை 95 வயதிலும் அதேதான். அந்த உறுதிக்குத்தான் விலை கொடுக்கிறோம். ஆனால் உறுதியான அந்தத் தொகை விலைவாசியோடு ஏறாது. பொருட்களின் விலை ஆண்டுக்கு 6% ஏறினால் 12 வருடத்தில் அந்த 13,500-க்கு இன்றைய விலையில் ஏறக்குறைய 6,700-க்கான சாமான்தான் வாங்க முடியும்.

இப்போது சேமிப்புத் திட்டத்தில் போட்டுவிட்டு, 70 வயதையொட்டி மறுபடி கொட்டேஷன் கேளுங்கள். அசல் திரும்பாத பென்ஷனுக்கு வயது ஏற ஏற மாதத் தொகை நன்றாகக் கூடும். கம்பெனி கொடுக்க வேண்டிய வருடங்கள் குறைகின்றன அல்லவா? அசல் திரும்பும் திட்டத்தில் அந்த ஏற்றம் பெரிதாக இருக்காது. அப்போதைய உடல்நிலையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், பந்தயத்தைக் கொஞ்சம் தெரிந்தே கட்டலாம்.

வரி பற்றி ஒரு வார்த்தை. பென்ஷனில் பாதி உங்கள் சொந்த அசலாக இருந்தாலும் வருமான வரித்துறை முழுத் தொகையையும் வருமானமாகத்தான் எடுத்துக்கொள்ளும். புதிய முறையில், 2025-26 நிதியாண்டு முதல், வட்டி, பென்ஷன் எல்லாம் சேர்த்து 12 லட்சத்துக்குள் இருந்தால் கட்ட வேண்டிய வரி இல்லை. உங்கள் தொகைக்கு இது பெரிய விஷயமாக இருக்காது.

ஒருவேளை ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், பாலிசி பத்திரத்தில் எந்த ஆப்ஷன் என்று எழுதியிருக்கிறது என்பதை இன்றே பாருங்கள். மனைவிக்குத் தொடரும், அசல் திரும்பும் என்று வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது, பத்திரத்தில் எழுதியிருக்கும் அந்த ஆப்ஷன்தான் பேசும். பிறகு ஆப்ஷனை மாற்ற விட மாட்டார்கள். பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் என்றால் ஃப்ரீ லுக் காலம் இருக்கிறது. எழுத்துமூலம் கேட்டு பாலிசியை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். முத்திரைத்தாள் கட்டணம் போன்ற சில்லறைத் தொகைகளும், அதற்குள் பென்ஷன் ஏதும் வந்திருந்தால் அதுவும் கழியும்.