வெயில் கொளுத்துற அன்னிக்கு சோலார் ஏன் குறையுது? வோல்டேஜையும் ஆம்ப்ஸையும் தனித்தனியா பாருங்க

கேள்வி: மாடியில 500 வாட் பேனல் 10 இருக்கு, மொத்தம் 5 கிலோவாட், எல்லாம் ஒரே வரிசையா கோர்த்தது. 38 டிகிரி வெயில் அடிச்ச அன்னிக்கு மதியம் 3.5 கிலோவாட்டுக்கு மேல ஏறவே இல்ல. ரெண்டு நாள் மழை பெஞ்சு விட்டப்புறம் 22 டிகிரி தான், நல்ல காத்து, அன்னிக்கு 4.2 காட்டுது. மாட்டிக் கொடுத்தவர் தூசி தான், கழுவுங்கன்னு சொல்றார். தூசியா, சூடா, இல்ல பேனல்லயே கோளாறா? எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: நீங்க கொடுத்த ரெண்டு நம்பரையும் வச்சு கணக்கு போட்டா பேனல்ல கோளாறு தெரியல. குறைஞ்சதுல பெரிய பங்கு சூடு, அடுத்தது வெளிச்சத்துல இருந்த வித்தியாசம், தூசி மூணாவது தான். ஆனா என் கணக்கை நம்பி விட்டுடாதீங்க, இன்வர்ட்டர் திரையிலயே நீங்களே பிரிச்சு பார்த்துக்கலாம், அதையும் கீழ சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். பேனல் பின்னாடி ஒட்டியிருக்கிற லேபிள்ல 500 வாட்னு இருக்கே, அது சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம் விழணும், செல் 25 டிகிரில இருக்கணும்ங்கிற நிலைமையில அளந்தது. இந்த 25 டிகிரி காத்தோட சூடு இல்ல, செல்லோட சூடு. நிறைய பேர் இங்க தான் குழம்புறாங்க. ஃபேக்டரியில ஒரு ஃப்ளாஷ் லைட்டை சில மில்லிசெகண்ட் மட்டும் அடிச்சு அளக்குறாங்க, செல் சூடாகுறதுக்குள்ள அளவு முடிஞ்சிடும். மாடியில அப்படி நடக்காது. பேனல் மேல விழற வெளிச்சத்துல அஞ்சுல ஒரு பங்கு சொச்சம் தான் கரண்டா வெளிய போகுது, கொஞ்சம் திரும்பி தெறிச்சு போயிடும், மிச்சம் முழுக்க சூடா அங்கயே தங்கிடுது. அதனால நல்ல வெயில்ல செல் பெரும்பாலும் காத்தை விட 25, 30 டிகிரி கூடுதலா தான் இருக்கும்.

எவ்வளவு கூடும்னு தெரிஞ்சுக்க பேனல் டேட்டா ஷீட்ல NOCT-னு ஒரு நம்பர் இருக்கும், பெரும்பாலும் 45 டிகிரி பக்கம் போட்டிருப்பாங்க. அதாவது காத்து 20 டிகிரி, வெளிச்சம் 800 வாட், லேசான காத்தோட்டம், பேனல் பின்பக்கம் திறந்திருக்கு, இப்படி இருந்தா செல் 45 டிகிரிக்கு போகும்னு அர்த்தம். 800 வாட் வெளிச்சத்துக்கு 25 டிகிரி ஏறுதுன்னா 900 வாட்டுக்கு 28 ஏறும். உங்க 38 டிகிரி நாள்ல 900 வாட் வெளிச்சம்னு வச்சுக்கிட்டா 38ம் 28ம் சேர்ந்து செல் 66 டிகிரில வெந்துகிட்டு இருந்திருக்கு. தரையை ஒட்டி காத்து போக இடமில்லாம மாட்டியிருந்தா இன்னும் அஞ்சாறு டிகிரி கூட இருக்கும்.

இப்ப அதே டேட்டா ஷீட்ல பவருக்கான டெம்பரேச்சர் கோஎஃபிஷியன்ட்னு பாருங்க. உங்க மாதிரி மோனோ பேனலுக்கு ஒரு டிகிரிக்கு மைனஸ் 0.35 சதவீதம் பக்கம் இருக்கும் (பழைய பாலி பேனல்ல 0.4க்கு மேல, டாப்கான் வகையில 0.3 பக்கம், எச்ஜேடி வகையில 0.25 பக்கம்). 66ல இருந்து 25 போனா 41 டிகிரி, அதுக்கு 14 சதவீதம் சொச்சம் சூட்டுலயே போச்சு. 5 கிலோவாட்ல 900 வாட் வெளிச்சத்துக்கு 4.5, அதுல சூடு தின்னது போக 3.85, இன்வர்ட்டர் ஒயர் நஷ்டம் ஒரு 5 சதவீதம் கழிச்சா 3.66, மேல தூசி ஒரு 5 சதவீதம்னு போட்டா 3.48. நீங்க பார்த்த 3.5 இது தான்.

மழை விட்ட நாளை எடுங்க. காத்துல இருந்த தூசி எல்லாம் கழுவி போயிருக்கும், வானம் பளிச்சுனு இருக்கும், வெளிச்சம் 950னு வைங்க. காத்து 22 டிகிரி, கூடவே நல்லா வீசுது, காத்து வீசினா பேனல் சூடு நல்லாவே இறங்கும், அதனால செல் 45 டிகிரின்னு எடுத்துக்கலாம். 20 டிகிரிக்கு 7 சதவீதம் தான் நஷ்டம். 4.75ல அது போக 4.42, இன்வர்ட்டர் ஒயர் கழிச்சா 4.2. பேனலும் மழையில சுத்தமாயிடுச்சு, தூசி நஷ்டம் இல்ல. ரெண்டு நாளுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 720 வாட் வித்தியாசம், அதுல சூட்டுக்கு 320, வெளிச்சத்துக்கு 220, தூசிக்கு 180 வாட்னு பிரியுது. உங்களுக்கு மாட்டிக் கொடுத்தவர் சொன்னது தப்பில்ல, ஆனா நாலுல ஒரு பங்கு தான் சரி. கழுவினதும் 4.2 வந்துடும்னு எதிர்பார்த்தா 3.66ல நின்னு போகும், அப்புறம் பேனல் மேல சந்தேகம் வரும்.

குளிர்ச்சி மட்டும் இருந்தா போதும்னு நினைச்சிடாதீங்க. வெளிச்சம் பாதியானா பவரும் பாதியா போயிடும், செல் 10 டிகிரி குளிர்ந்தா கிடைக்கிறது 3.5 சதவீதம் தான். பனிமூட்டத்துல குளிர் எவ்வளவு இருந்தும் பிரயோஜனம் இல்ல. வெளிச்சம் முழுசா இருந்து சூடு மட்டும் குறைவா இருக்கணும், அது தான் மழை விட்ட நாள்ல கிடைச்சது. ஆனா நாள் முழுக்க எத்தனை யூனிட்னு பார்க்கிறப்ப பகல் நேரத்தோட நீளமும் சேருது, பகல் நீளமா இருக்கிற கோடை நாள் மதிய உச்சத்துல தோத்தாலும் மொத்த யூனிட்ல ஜெயிக்கலாம், அதனால ரெண்டையும் கலந்து ஒப்பிடாதீங்க.

சரி, எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டீங்க. சூடு வோல்டேஜை அடிக்கும், தூசி ஆம்ப்ஸை அடிக்கும். இதை பிடிச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. செல் சூடாக ஆக சிலிக்கான் உள்ள தானாவே எலக்ட்ரான்கள் கிளம்ப ஆரம்பிச்சு, வெளிய போக வேண்டியது உள்ளயே சேர்ந்து அழிஞ்சு போறது கூடுது, அதனால ஒவ்வொரு செல்லும் ஒரு டிகிரிக்கு சுமார் 2 மில்லிவோல்ட் இழக்குது. ஆம்ப்ஸ் சூட்டுல குறையாது, சொல்லப்போனா துளி கூடும். தூசி என்ன பண்ணுதுன்னா வெளிச்சத்தை மறைக்குது, ஆம்ப்ஸ் வெளிச்சத்துக்கு நேர் விகிதம், அதனால அது இறங்கும், வோல்டேஜ் கிட்டத்தட்ட அப்படியே நிக்கும்.

இன்வர்ட்டர் திரையில இல்ல ஆப்ல பேனல் வரிசையோட வோல்டேஜ் Vpv-னும், ஆம்ப்ஸ் Ipv-னும் ரெண்டு நம்பர் இருக்கும், அதை பாருங்க. 500 வாட் பேனல் ஒண்ணு வேலை செய்யுற வோல்டேஜ் 38.5, ஆம்ப்ஸ் 13னு லேபிள்ல போட்டிருக்குன்னு வைங்க (உங்க லேபிள்ல இருக்கிறதை போட்டுக்கோங்க). 10 பேனலுக்கு 385 வோல்ட். ஒரு டிகிரிக்கு சுமார் ஒன்றரை வோல்ட் இறங்கும். செல் 45 டிகிரில 354 பக்கம், 66 டிகிரில 320 பக்கம் வரணும். உங்க சூடான நாள்ல 320 சொச்சம் காட்டினா வோல்டேஜ் பக்கம் எந்த கோளாறும் இல்ல, சூடு தான். செல் சூட்டை நேரா பார்க்கணும்னா இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை பேனலோட பின்பக்கத்துல காட்டுங்க, வர்ற நம்பரோட 2, 3 டிகிரி கூட்டிக்கோங்க. முன்பக்க கண்ணாடியில காட்டினா வானம் தெறிச்சு கம்மியா காட்டும், அதை நம்ப வேண்டாம். கனெக்டரை கழட்டி மீட்டர் வைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், வெயில்ல ஓடிக்கிட்டு இருக்கிற டிசி லைனை கழட்டினா ஆர்க் அடிக்கும், கை கருகிடும்.

தூசியை அளக்க ஆம்ப்ஸ் பாருங்க, ஆனா இதுல ஒரு பொறி இருக்கு, நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. மதியம் கழுவிட்டு ஓடிப்போய் ஆப்பை பார்த்தா பவர் குபுக்குனு ஏறியிருக்கும், ஆஹா எல்லாம் தூசி தான்னு முடிவு பண்ணிடுவாங்க. தண்ணி ஊத்தினதுல பேனல் குளிர்ந்து வோல்டேஜ் ஏறின கணக்கும் அதுல இருக்கு, அரை மணி நேரத்துல பேனல் காஞ்சு பழைய சூட்டுக்கு வந்ததும் அந்த பங்கு திரும்ப போயிடும். அதனால சாயங்காலம் பேனல் ஆறினப்புறம் கழுவுங்க, மேகம் இல்லாத நாள்ல முந்தின நாளும் அடுத்த நாளும் ஒரே நேரத்துக்கு Ipv எழுதி வச்சு ஒப்பிடுங்க. 11.3ல இருந்து 11.9க்கு போனா தூசி 5 சதவீதம் தின்னிருக்குன்னு அர்த்தம். ஒரு சதவீதம் ரெண்டு சதவீதம் தான் வித்தியாசம்னா அந்த அளவு வெளிச்சமே நாளுக்கு நாள் மாறும், அதை வச்சு முடிவு எடுக்க முடியாது. கழுவ மெத்துனு துணியோ பிரஷ்ஷோ போதும், உப்புத் தண்ணியை மட்டும் தவிருங்க, அது காஞ்சு வெள்ளைப் படலமா ஒட்டிக்கும், அப்புறம் தூசியை விட அது மோசமாயிடும். குளிர வைக்கிறேன்னு தினமும் தண்ணி அடிக்கிறவங்களுக்கும் இதே கதி தான்.

இன்னொண்ணு, தூசி எங்க படியுதுங்கிறது எவ்வளவு படியுதுங்கிறதை விட முக்கியம். சாய்வு கம்மியா மாட்டின பேனல்ல மழைத்தண்ணி கீழ்ப்பக்கம் ஃப்ரேம் விளிம்புல தேங்கி, காஞ்சதும் விரல் அகலத்துக்கு சேறு பட்டை விட்டுட்டு போகும். மேல கண்ணாடி பளபளன்னு இருக்கும், மழை கழுவிடுச்சேன்னு விட்டுடுவோம், ஆனா அந்த பட்டை கீழ் வரிசை செல்லை மட்டும் மறைச்சுக்கிட்டு இருக்கும். செல்லெல்லாம் வரிசையா கோர்த்தது, ஒரு செல் தடுத்தா அந்த வரிசையே திணறும். பறவை எச்சமும் இதே கதை தான், ஒரு செல்லை நல்லா மறைச்சா அந்த செல் மத்த செல் தர்ற கரண்டை வாங்கி சூடாக ஆரம்பிக்கும், அப்ப கரண்டுக்கு மாற்று வழி விடுற பைபாஸ் டயோடு திறந்து பேனல்ல மூணுல ஒரு பாகத்தை ஒதுக்கிடும்.

அது நடந்தா எப்படி தெரியும்னா, வோல்டேஜ் படியா இறங்கும். 66 டிகிரி சூட்டுல பேனல் ஒண்ணு 32 வோல்ட் தான், அதுல மூணுல ஒரு பாகம் கிட்டத்தட்ட 11 வோல்ட். சூட்டுல இறங்கினா காலையில இருந்து மெல்ல மெல்ல இறங்கி சாயங்காலம் திரும்ப ஏறும். உங்க Vpv அதே சூடு, அதே நேரத்துல 320க்கு பதிலா 309லயோ 298லயோ நின்னா முதல்ல மாடிக்கு போய் எச்சம், கீழ் விளிம்பு சேறு, புதுசா விழற நிழல் இந்த மூணையும் பாருங்க. எல்லாம் துடைச்சும் அடுத்த நாள் அந்த 11 வோல்ட் திரும்ப வரலைன்னா அப்ப தான் டயோடோ செல்லோ போயிருக்கலாம், அந்த நம்பர்களை எழுதி வச்சுக்கிட்டு வாரன்டிக்கு கூப்பிடுங்க.