கூடியதும் குறைந்ததும் ஈடாகாது: வாசகர் கேள்விகள்

தேர்வுக்குப் படிக்கிறேன். நீளம் 30% கூடி அகலம் 20% குறைந்தால் பரப்பளவு 16% கூடுவதாக வருகிறது. விடைக்குறிப்பில் 4% என்கிறார்கள். (கொளத்தூர்)

விடைக்குறிப்புதான் சரி. 30-இல் 20 போனால் 10. இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் 6. ஒன்று கூடி மற்றது குறையும்போது அந்த 6-ஐக் கழிக்க வேண்டும், நீங்கள் கூட்டிவிட்டீர்கள். குறியில் சந்தேகம் வந்தால் சூத்திரத்தை மூடிவைத்துவிட்டு 1.3-ஐ 0.8-ஆல் பெருக்குங்கள். 1.04 வரும்.

நீளம் கூடி அகலம் குறைந்தால் பரப்பு கூடுமா, குறையுமா? (பெரம்பூர்)

எத்தனை சதவீதம் என்று எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது? இரண்டு எண்களையும் எழுதி அனுப்புங்கள்.

60-க்கு 40 அடியில் ஒரு கிரவுண்ட் மனை பேசி முடித்தோம். இப்போது நீளம் 10% கூடும், அகலம் 10% குறையும், பரப்பு அதேதான் என்கிறார் விற்பவர். நம்பலாமா? (அம்பத்தூர்)

நம்பாதீர்கள். இதே பேச்சைக் கேட்டு ஏமாந்தவர்களின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. சதவீதம் ஒன்றாக இருந்தால் ஈடாகிவிடும் என்று படித்தவர்களே நினைப்பதுதான் என் பெரிய ஆதங்கம்.

தாளில் வரைந்து பாருங்கள். அகலத்தில் 4 அடி போகிறது. அந்தப் பட்டை பழைய நீளமான 60 அடி முழுக்க ஓடுகிறது, ஆக 240 சதுர அடி இழப்பு. நீளத்தில் 6 அடி சேர்கிறது. ஆனால் அந்தப் பட்டைக்குக் கிடைக்கும் அகலம் 40 அல்ல, குறைந்துபோன 36-தான். வரவு 216. மனை 2,400-இலிருந்து 2,376 ஆகிறது. 24 சதுர அடி போய்விட்டது, அதாவது 1%. சதுர அடி ஆறாயிரம் என்றால் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய்.

இதே ஆள் 20% என்று சொல்லியிருந்தால் இழப்பு இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும்: 72-க்கு 32, அதாவது 2,304. ஒரே சதவீதம் கூடிக் குறைந்தால் எப்போதும் நட்டம்தான். விலையைப் புதிய சதுர அடிக்கே பேசுங்கள்.

இன்னொன்று, நான் எப்போதும் சொல்வது: இந்தக் கணக்கெல்லாம் செவ்வகத்துக்கு மட்டும். எதிரெதிர்ப் பக்கங்களை அளந்த பிறகு இரண்டு மூலைவிட்டங்களுக்கும் டேப் பிடியுங்கள். 66-க்கு 36 மனையில் இரண்டும் 75 அடியை ஒட்டி வர வேண்டும். ஒன்று நீண்டு ஒன்று குறுகினால் மனை கோணல்; நீள அகலத்தைப் பெருக்கினால் உண்மையைவிட அதிகமாகத்தான் காட்டும்.

நீளம் 25% கூடினால், பரப்பு மாறாமலிருக்க அகலமும் 25% குறையவேண்டும்தானே? (வேளச்சேரி)

இல்லை, 20%. 25-ஐ 125-ஆல் வகுத்துப் பாருங்கள். அம்பத்தூர் மனையில் 60 அடி 75 ஆகும், 40 அடி 32 ஆகும்; 75-ஐ 32-ஆல் பெருக்கினால் பழைய 2,400 அப்படியே வரும்.

நீளத்துக்குப் பதில் அகலம் கூடி நீளம் குறைந்தால் விடை மாறுமா? (மயிலாப்பூர்)

சதவீதங்கள் அவையே என்றால் மாறாது.